திரையில் ஜெர்மன் வந்தால் ஹெல்ப்டெஸ்க்குக்கு என்ன எழுதுவது?

திருப்பூரிலும் கோவையிலும் ஐரோப்பாவில் ஓடிய பழைய இயந்திரங்களை வாங்கி வந்து ஓட்டுகிற தொழிற்கூடங்கள் இருக்கின்றன. இயந்திரம் வரும்போது அதை இயக்கும் கணினியும் கூடவே வந்துவிடும். அந்தக் கணினியில் விண்டோஸ் ஜெர்மனில் இருக்கும், டிசைன் மென்பொருளும் ஜெர்மனில் இருக்கும், விசைப்பலகையில் Ctrl என்று இருக்க வேண்டிய இடத்தில் Strg என்று அச்சடித்திருக்கும். ஓட்டுகிறவருக்கு ஜெர்மன் ஒரு சொல்கூடத் தெரியாவிட்டாலும் எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று கைக்குப் பழகிப்போய், வேலை மாதக்கணக்கில் தடையில்லாமல் நடக்கும். ஒரு நாள் திரையின் நடுவில் சிவப்பு வட்டத்தில் வெள்ளைப் பெருக்கல் குறியோடு ஒரு சின்னப் பெட்டி வந்து நிற்கும்போதுதான் மொழி குறுக்கே வருகிறது.

அப்போது ஹெல்ப்டெஸ்க்குக்குப் போகும் அழைப்பு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

"திரையில என்னங்க போட்டிருக்கு?"

"என்னமோ ஜெர்மன்ல போட்டிருக்குங்க. படிக்கத் தெரியலீங்க."

"எர்ரர் நம்பர் ஏதாச்சும் இருந்துச்சுங்களா?"

"பார்க்கலீங்க. ஓகே அமுக்கிட்டேன், போயிடுச்சு."

இதற்குப் பிறகு ஹெல்ப்டெஸ்க்கில் பதிவாகும் டிக்கெட்டில் "டிசைன் சாஃப்ட்வேர் ஓபன் ஆகவில்லை, ஜெர்மனில் எர்ரர், அவசரம்" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியை வைத்துக்கொண்டு உலகத்தில் எந்த நிபுணராலும் ஒன்றும் செய்ய முடியாது. அவர் திரும்பக் கூப்பிடுவார், இயந்திரக்காரர் தறி அருகே இருப்பார், சத்தத்தில் ஃபோன் கேட்காது. அரை நாள் போய்விடும். அந்த அரை நாளை மிச்சப்படுத்த, படிக்கத் தெரியாத ஒரு பிழைச் செய்தியைப் பற்றிப் பத்து வரியில் எப்படி எழுதுவது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். ஜெர்மன் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. பிழைப் பெட்டியில் மொழியைச் சாராத விஷயங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றைப் பத்திரமாக எடுத்துக் கொடுத்தால் போதும்.

முதலில் அந்தப் பெட்டி எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. விண்டோஸுக்குள் ஒரு வேலை தோற்றுப்போனால் அது முதலில் ஓர் எண்ணாகத்தான் பதிவாகிறது. ஒரு கோப்பைக் காணவில்லை என்றால் 2, அனுமதி இல்லை என்றால் 5, வேறொரு நிரல் அந்தக் கோப்பைப் பிடித்து வைத்திருக்கிறது என்றால் 32, வட்டில் இடமில்லை என்றால் 112. இந்த எண்கள் ஜெர்மன் விண்டோஸிலும் ஜப்பானிய விண்டோஸிலும் ஆங்கில விண்டோஸிலும் ஒன்றேதான். மனிதர்கள் படிக்க வேண்டி, அந்தந்த மொழிக்கான கோப்பிலிருந்து இந்த எண்ணுக்கு உரிய வாக்கியத்தை எடுத்துத் திரையில் காட்டுகிறார்கள். வாக்கியம் மாறலாம், அதற்கு அடியில் இருக்கும் எண் மாறாது. ஆகவே அந்நிய மொழிப் பிழையில் நாம் முதலில் தேட வேண்டியது எண்ணைத்தான்.

ஒரு பின்னலாடைக் கூடத்தில் காலர் பின்னும் இயந்திரத்தின் கணினியில் இப்படி ஒரு பெட்டி வந்தது என்று வைத்துக்கொள்வோம்:

```
---------------------------
Fehler
---------------------------
Datei: D:\Muster\K0417.dat
Der Prozess kann nicht auf die Datei zugreifen, da sie
von einem anderen Prozess verwendet wird.
(Ausnahme von HRESULT: 0x80070020)
---------------------------
OK
---------------------------
```

ஜெர்மன் தெரியாத ஒருவர் இதில் எதைப் படிக்க முடியும்? முதலாவதாக, D:\Muster\K0417.dat என்ற கோப்பின் முகவரி. எந்த டிசைனைத் திறக்கும்போது சிக்கல் வந்தது என்பது இதிலேயே இருக்கிறது. அது கணினியின் சொந்த D வட்டில் இருக்கிறது என்பதும் தெரிகிறது. முகவரி இரண்டு சாய்கோடுகளோடு தொடங்கியிருந்தால் அது நெட்வொர்க்கில் வேறொரு கணினியில் இருக்கும் கோப்பு. தேட வேண்டிய இடமே மாறிவிடும். இரண்டாவதாக, கடைசியில் அடைப்புக்குறிக்குள் 0x என்று தொடங்கும் குறியீடு. இந்தக் குறியீடுதான் பெட்டியிலேயே மதிப்பு மிக்கது.

0x80070020 என்பதை இரண்டாக வெட்டிப் பார்க்கலாம். 8007 என்று தொடங்கினால் இது விண்டோஸின் பொதுப் பிழைப் பட்டியலிலிருந்து வந்தது என்று அர்த்தம். பின்னால் இருக்கும் நான்கு இலக்கம்தான் பட்டியலில் உள்ள எண். அது பதினாறு அடிப்படையில் எழுதப்பட்டிருக்கிறது. 0020 என்றால் இரண்டு பதினாறுகள், அதாவது 32. ஹெல்ப்டெஸ்க்கில் இருப்பவர் தன்னுடைய ஆங்கிலக் கணினியில் கருப்பு கமாண்ட் ஜன்னலைத் திறந்து இதைத் தட்டினால் போதும்:

```
net helpmsg 32
```

ஜெர்மன் பெட்டி சொன்ன அதே செய்தி, மைக்ரோசாஃப்ட்டின் சொந்த ஆங்கில வாக்கியத்தில் வந்து விழும்: வேறொரு நிரல் இந்தக் கோப்பைப் பயன்படுத்திக்கொண்டிருப்பதால் இதைத் திறக்க முடியவில்லை. மொழிபெயர்ப்பாளர் யாரும் தேவைப்படவில்லை. குறியீட்டில் ஓர் இலக்கம் தவறியிருந்தால் மட்டும் எல்லாம் போச்சு. 0020 என்பதை 0002 என்று எழுதிவிட்டால் "கோப்பைக் காணவில்லை" என்ற வேறொரு கதைக்குப் போய்விடுவார்கள், இல்லாத கோப்பைத் தேட ஆரம்பிப்பார்கள். சில மென்பொருள்கள் இதே பிழையை -2147024864 என்று கழித்தல் குறியோடு காட்டும். பார்க்க வேறு ஏதோ போலத் தெரிந்தாலும் அதுவும் 0x80070020 தான், வேறு முறையில் எழுதப்பட்டிருக்கிறது. கழித்தல் குறியையும் விடாமல் எழுத வேண்டும்.

இலக்கம் தவறாமல் இருக்க ஒரே வழி, கையால் பார்த்து எழுதாமல் இருப்பதுதான். விண்டோஸின் வழக்கமான பிழைப் பெட்டிகளில் பலருக்கும் தெரியாத ஒரு வசதி இருக்கிறது. பெட்டி திரையில் இருக்கும்போது எதையும் தேர்வு செய்யாமல் Ctrl+C அழுத்தினால் பெட்டியின் தலைப்பு, செய்தி, பொத்தான்களின் பெயர் எல்லாம் எழுத்தாக நகலாகிவிடும். மேலே கோடு கோடாகக் காட்டியிருக்கும் வடிவம் அப்படி நகலெடுத்தால் கிடைக்கும் வடிவம்தான். ஜெர்மன் விசைப்பலகையாக இருந்தால் Strg+C. அதை மின்னஞ்சலில் ஒட்டினால் ü, ß போன்ற எழுத்துகள் உட்பட எல்லாம் அச்சு அசலாகப் போய்ச் சேரும். கையால் எழுதுகிறவர்கள் ß என்பதை ஆங்கில B என்று எழுதிவிடுவது சகஜம், அதற்குப் பிறகு அந்தச் சொல்லைத் தேடினால் ஒன்றும் அகப்படாது.

எல்லாப் பெட்டிகளும் இப்படி நகலாகாது. இயந்திரத் தயாரிப்பாளர்கள் தாங்களே வடிவமைத்த பெட்டிகளில் இது பெரும்பாலும் வேலை செய்யாது. அப்போது ஸ்கிரீன்ஷாட்தான் ஆதாரம். விண்டோஸ் 11-இல் ஸ்னிப்பிங் டூல் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்துக் கொடுக்கும், ஆனால் அது சுழியத்தை O என்றும் 8-ஐ B என்றும் படித்துவிடக் கூடும். எனவே எழுத்தாக எடுத்ததோடு படத்தையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் படத்தைத்தான் நம்ப வேண்டும்.

ஸ்கிரீன்ஷாட்டில் எதைப் பிடிப்பது என்பதில் பலர் சிக்கனம் பார்க்கிறார்கள். பிழைப் பெட்டியை மட்டும் நறுக்கென்று வெட்டி அனுப்புவார்கள். ஹெல்ப்டெஸ்க்காரருக்கோ அதைச் சுற்றி இருப்பதும் வேண்டும். பின்னால் எந்த ஜன்னல் திறந்திருந்தது, அதன் தலைப்புப் பட்டையில் மென்பொருளின் பெயரும் பதிப்பும் என்ன, கீழே வலது மூலையில் மொழி DEU என்று இருக்கிறதா ENG என்று இருக்கிறதா, கடிகாரம் என்ன நேரம் காட்டுகிறது என்பதெல்லாம் அவருக்குத் துப்பு. ஆகவே இரண்டு படம் எடுப்பது நல்லது. விண்டோஸ் விசையோடு PrtScn அழுத்தினால் முழுத் திரை. Alt+PrtScn அழுத்தினால் முன்னால் நிற்கும் பெட்டி மட்டும். ஜெர்மன் விசைப்பலகையில் அந்த விசையின் மேல் Druck என்று இருக்கும்.

கடிகாரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஜெர்மனியிலிருந்து வந்த கணினியில் நேர மண்டலத்தை யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். நம் நேரத்துக்கு அது கோடையில் 3 மணி 30 நிமிடமும், அங்கே குளிர்காலம் என்றால் 4 மணி 30 நிமிடமும் பின்தங்கி இருக்கும். விண்டோஸ் தன் உள் குறிப்பேட்டில் பிழைகளை நிமிடக் கணக்கோடு பதிந்து வைக்கிறது, ஹெல்ப்டெஸ்க்காரர் அந்தக் கணினிக்குள் புகுந்து அதே நிமிடத்தைத் தேடுவார். நீங்கள் "காலை 10:42-க்கு வந்தது" என்று எழுதினால் அவர் 10:42-ஐத் தேடுவார். அந்தக் கணினியைப் பொறுத்தவரை அது 07:12-க்கு நடந்தது. திரையில் காட்டிய நேரத்தையும் சுவரில் காட்டிய நேரத்தையும் இரண்டையுமே எழுதிவிட்டால் குழப்பம் இல்லை.

கைபேசியில் திரையைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்புவது வழக்கமாகிவிட்டது. கணினியே உறைந்துபோனால் வேறு வழியில்லை, அப்போது செய்யத்தான் வேண்டும். மற்ற நேரங்களில் அது கெடுதல்தான். திரையின் புள்ளிகளும் கேமராவின் புள்ளிகளும் மோதி அலை அலையாகக் கோடு விழும், ட்யூப்லைட் வெளிச்சம் சரியாகக் குறியீட்டின் மேல் அடிக்கும், போதாததற்கு வாட்ஸப் படத்தைச் சுருக்கிவிடும். ஜெர்மனாவது லத்தீன் எழுத்து, ஊகித்துப் படிக்கலாம். ஜப்பானிய எழுத்தில் ஷி என்பது シ, ட்சு என்பது ツ. இரண்டுக்கும் வித்தியாசம் சின்னக் கோடுகள் நிற்கும் சாய்வுதான், மங்கிய படத்தில் அது அழிந்துவிடும். கைபேசிப் படம்தான் கிடைக்கும் என்றால் திரைக்கு நேராக நின்று, ஃபிளாஷ் இல்லாமல், முழுத் திரைக்கு ஒன்றும் பெட்டிக்கு ஒன்றுமாக எடுத்து, வாட்ஸப்பில் டாக்குமென்ட்டாக அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பினால் படம் சுருங்காது.

சில நேரம் திரையில் வருவது எந்த மொழி என்றே தெரியாத அலங்கோலமாக இருக்கும். இதைச் சாதாரணமாக எல்லோரும் "புரியாத எழுத்து வருகிறது" என்று ஒரே மாதிரி எழுதிவிடுகிறார்கள். இதில் மூன்று விதம் உண்டு, மூன்றுக்கும் காரணம் வேறு, சரிசெய்யும் வழியும் வேறு. ஹெல்ப்டெஸ்க்குக்கு எழுதும்போது எந்த விதம் என்று சொல்லிவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

கட்டம் கட்டமாக □□□□ என்று வந்தால் செய்தி உள்ளே சரியாகத்தான் இருக்கிறது, அதை வரைவதற்கான எழுத்துரு கணினியில் இல்லை என்று பொருள். அதை நகலெடுத்து வேறு கணினியில் ஒட்டினால் சரியான எழுத்தாகவே தெரியும். ƒtƒ@ƒCƒ‹ என்பது போலக் கொக்கிகளும் குறிகளும் கலந்து வந்தால் எழுத்துகள் தவறான அட்டவணைப்படி படிக்கப்படுகின்றன. இந்தக் குறிப்பிட்ட கோவை உண்மையில் கோப்பு என்பதற்கான ஜப்பானியச் சொல் ファイル. பழைய ஜப்பானிய மென்பொருளை ஆங்கில விண்டோஸில் ஓட்டினால் அது இப்படிச் சிதைந்து வரும். தமிழர்களுக்கு இது புதிதே இல்லை. பாமினி எழுத்துருவில் அடித்த கடிதத்தை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் "தமிழ்" என்பது jkpo; என்று தெரியுமே, அதே நோய்தான். சரக்கு கெட்டுவிடவில்லை, மீட்டுவிடலாம். விண்டோஸில் யூனிகோட் அல்லாத பழைய நிரல்களுக்கான மொழியை ஜப்பானியமாக மாற்றி, கணினியை மறுபடி தொடங்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மூன்றாவது விதம் ???? என்று வருவது. இதுதான் மோசம். மாற்றும்போது எழுத்து தொலைந்தே போய், அதன் இடத்தில் கேள்விக்குறி மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதை நகலெடுத்தாலும் கேள்விக்குறிதான் வரும். இந்த நிலையில் செய்தியின் வாசகத்தை அனுப்பிப் பயனில்லை. குறியீடு, கோப்பு முகவரி, படத்தில் தெரியும் சின்னம் ஆகியவைதான் மிச்சம். முகவரியைப் படிக்கும்போதும் ஒரு கவனம் தேவை. ஜப்பானியக் கணினியில் சாய்கோட்டுக்குப் பதிலாக யென் குறி தெரியும். C:¥data¥ என்று படத்தில் இருந்தால் அது C:\data\ என்பதுதான், பணம் சம்பந்தப்பட்டது ஒன்றும் இல்லை. கொரியக் கணினியில் அதே இடத்தில் அவர்களுடைய வோன் நாணயக் குறி ₩ வரும்.

மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் பார்த்து, வந்த தமிழையோ ஆங்கிலத்தையோ மட்டும் அனுப்புகிறவர்கள் உண்டு. உதவி செய்கிற எண்ணத்தில்தான் செய்கிறார்கள், ஆனால் மூலத்தை இழந்துவிடுகிறார்கள். ஜெர்மனில் கணினி நினைவகத்துக்கும் வட்டில் உள்ள சேமிப்பு இடத்துக்கும் Speicher என்ற சொல்லே அடிப்படை. "Speicher போதவில்லை" என்ற செய்தி மொழிபெயர்ந்து "நினைவகம் போதவில்லை" என்று வந்தால், ஹெல்ப்டெஸ்க்காரர் கூடுதல் ராம் வாங்கச் சொல்லக்கூடும். உண்மையில் D வட்டு நிரம்பியிருக்கும், பழைய கோப்புகளை அழித்தாலே போதுமாக இருக்கும். மூல வாசகத்தை முதலில் ஒட்டுங்கள், உங்களுக்குப் புரிந்ததை அதற்குக் கீழே "எனக்குப் புரிந்தது" என்று தனியாக எழுதுங்கள். திரை சொன்னது எது, நாம் ஊகித்தது எது என்பது படிப்பவருக்குப் பிரிந்து தெரிய வேண்டும்.

இனி அந்தக் காலர் இயந்திரக் கணினிக்கான கடிதத்தை எழுதிப் பார்க்கலாம். தலைப்பு: "காலர் இயந்திரம் 2-இன் கணினி: K0417 டிசைன் திறக்கவில்லை, பிழை 0x80070020."

உள்ளே:

"வணக்கம் சார். காலர் பின்னும் இரண்டாவது இயந்திரத்தின் கணினியில் (ஜெர்மன் விண்டோஸ் 10, கணினிப் பெயர் STRICK-02) டிசைன் மென்பொருளைத் திறந்து, மெனுவில் இடப்பக்கம் முதல் பொத்தானை அழுத்தி, K0417 கோப்பைத் தேர்ந்தெடுத்தபோது சிவப்பு பெருக்கல் குறியோடு ஒரு பெட்டி வந்தது. திரைக் கடிகாரத்தில் 07:12, நம் நேரம் காலை 10:42. பெட்டியின் வாசகத்தை நகலெடுத்துக் கீழே ஒட்டியிருக்கிறேன். முழுத் திரைப் படமும் பெட்டியின் படமும் இணைப்பில். பெட்டியில் ஓகே என்ற ஒரு பொத்தான்தான் உண்டு. அதை அழுத்தியதும் பெட்டி போய்விட்டது, மென்பொருள் திறந்தே இருக்கிறது. மறுபடி செய்து பார்த்தேன், அதேதான் வருகிறது. K0416, K0418 இரண்டும் திறக்கின்றன. நேற்று மாலை வரை K0417-உம் திறந்தது. நேற்று இரவு டிசைன் பிரிவில் இருந்து இதே கோப்பை நெட்வொர்க் வழியாகத் திறந்து திருத்தினார்கள் என்று சொல்கிறார்கள். கணினியை இன்னும் ரீஸ்டார்ட் செய்யவில்லை. மற்ற டிசைன்களை வைத்து இயந்திரம் ஓடுகிறது, ஆனால் இந்த ஆர்டர் மாலைக்குள் தொடங்க வேண்டும். தொடர்புக்கு என் எண் கீழே."

இதில் ஜெர்மன் தெரிந்து எழுதிய வரி ஒன்றுகூட இல்லை. ஆனாலும் படிப்பவருக்குத் தேவையானது முழுக்க இருக்கிறது. மற்ற இரண்டு கோப்புகள் திறக்கின்றன என்ற ஒரு வரியால் மென்பொருளிலும் வட்டிலும் கோளாறு இல்லை என்று தெரிந்துவிட்டது. நேற்று வரை திறந்தது என்பதால் அனுமதிப் பிரச்சினையாக இருக்க வாய்ப்பு குறைவு. டிசைன் பிரிவு திறந்தது என்ற வரி, கோப்பைப் பிடித்துக்கொண்டிருப்பது யார் என்பதற்கு நேரடித் துப்பு. "இன்னும் ரீஸ்டார்ட் செய்யவில்லை" என்பதும் முக்கியம். ரீஸ்டார்ட் செய்தால் பிடி விட்டுப்போய்ப் பிழை மறைந்துவிடலாம், ஆனால் யார் பிடித்திருந்தார்கள் என்ற தடயமும் சேர்ந்து மறைந்துவிடும், அடுத்த வாரம் மறுபடி வரும்.

ஹெல்ப்டெஸ்க்காரர் இந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? தொலைவிலிருந்து அந்தக் கணினியில் நிர்வாகி உரிமையோடு நுழைந்து, விண்டோஸ் விசையையும் R-ஐயும் சேர்த்து அழுத்தி இதைத் தட்டுவார்:

```
fsmgmt.msc
```

நெட்வொர்க்கில் பகிரப்பட்ட கோப்புகளை யார் யார் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று காட்டும் ஜன்னல் இது. ஜன்னலுக்குள் எல்லாம் ஜெர்மனில் இருக்கும், Geöffnete Dateien என்று ஒரு கோப்புறை தெரியும். ஆனால் அதைத் திறக்கத் தட்டும் பெயர் எந்த மொழி விண்டோஸிலும் இதேதான். ஆங்கில விண்டோஸில் அதே மூன்றாவது கோப்புறைதான் என்று அவருக்கு இடம் தெரியும். அங்கே K0417.dat என்ற வரியும், அதைத் திறந்திருக்கும் டிசைன் பிரிவுப் பயனரின் பெயரும் இருக்கும். அந்தப் பிரிவுக்கு ஃபோன் செய்து, இரவில் மூடாமல் விட்ட மென்பொருளைச் சேமித்து மூடச் சொல்வார். பிழை போய்விடும். ஜன்னலில் இருந்தே வலிந்து பிடியை அறுக்கவும் முடியும், ஆனால் அவர்கள் சேமிக்காத திருத்தம் தொலைந்துவிடும் என்பதால் நல்ல ஊழியர் முதலில் கேட்டுவிட்டுத்தான் செய்வார். அந்தப் பட்டியலில் கோப்பு இல்லாவிட்டால் பிடித்திருப்பது அதே கணினியில் உள்ள ஏதோ ஒன்று. வைரஸ் தடுப்பு நிரலாக இருக்கலாம், பேக்கப் எடுக்கும் நிரலாக இருக்கலாம், அல்லது அதே டிசைன் மென்பொருள் உறைந்துபோய்ப் பின்னணியில் கிடக்கலாம். resmon என்று தட்டினால் திறக்கும் ஜன்னலில் கோப்பின் பெயரைத் தேடி அதையும் கண்டுபிடித்துவிடலாம்.

எல்லாக் குறியீடும் இவ்வளவு பேசாது. 0x80004005 என்று ஒன்று உண்டு. "இன்னதென்று சொல்ல முடியாத பிழை" என்பதுதான் அதன் முழுப் பொருளும். அது வந்தால் குறியீடு கைவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சமயத்தில் கடிதத்தில் உள்ள மற்ற வரிகள்தான் வேலை செய்யும்: எந்தப் பொத்தானை அழுத்தியபோது வந்தது, எது திறக்கிறது எது திறக்கவில்லை, நேற்றிலிருந்து இன்றைக்குள் என்ன மாறியது.

மொழி புரியவில்லை என்பதால் விண்டோஸை ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டால் என்ன என்று தோன்றும். காட்சி மொழியை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் ஆபத்தில்லை. அதனோடு சேர்த்து வட்டார வடிவத்தையும் ஜெர்மனியிலிருந்து இந்தியாவுக்கு மாற்றிவிடுகிறார்களே, அங்கேதான் விபத்து. ஜெர்மனியில் இரண்டரையை 2,5 என்று காற்புள்ளி வைத்து எழுதுவார்கள். நம் வடிவத்தில் காற்புள்ளி ஆயிரத்தைப் பிரிக்கும் குறி. வட்டார வடிவம் மாறிய பிறகு பழைய டிசைன் கோப்பைப் படிக்கும் சில மென்பொருள்கள் 2,5-ஐ 25 என்று எடுத்துக்கொள்ளும், பிழைப் பெட்டிகூட வராது. நூல் அடர்த்தி பத்து மடங்காகி, ஊசி உடையும்போதுதான் தெரியும். ஆகவே ஹெல்ப்டெஸ்க்கைக் கேட்காமல் அதில் கை வைக்கக் கூடாது. யாராவது அண்மையில் மாற்றியிருந்தால் கடிதத்தில் அதைக் கட்டாயம் எழுத வேண்டும்.

முழுத் திரைப் படம் எடுக்கும்போது மின்னஞ்சல், வங்கிப் பக்கம், வாடிக்கையாளரின் விலைப்பட்டியல் போன்றவை திறந்திருந்தால் முதலில் அவற்றை ஒதுக்கிவிடுங்கள். எடுத்த பிறகு மறைக்க வேண்டி வந்தால் மங்கலாக்காமல் கருப்புக் கட்டம் போட்டு, புதிய பெயரில் சேமியுங்கள். விண்டோஸ் 11-இன் ஸ்னிப்பிங் டூலில் படத்தை வெட்டி அதே பெயரில் சேமித்தால் வெட்டிய பகுதி கோப்பின் வாலில் ஒட்டிக்கொண்டே இருந்ததும், அதை மீட்டெடுக்க முடிந்ததும் 2023 மார்ச்சில் வெளியானது. மைக்ரோசாஃப்ட் அதைத் திருத்திவிட்டது. ஆனால் புதுப்பிக்காத கணினிகள் இன்னும் எங்கேயாவது இருக்கத்தான் செய்யும்.

ஹெல்ப்டெஸ்க் நடத்துகிறவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. பிழையை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பு என்று பயனரைத் திருப்பி அனுப்பாதீர்கள். மூல மொழியில் ஒட்டிய வாசகத்தை அப்படியே டிக்கெட்டில் வைத்திருங்கள். வேலை முடிந்து டிக்கெட்டை மூடும்போது "சரிசெய்யப்பட்டது" என்று ஒற்றைச் சொல்லில் விடாமல், குறியீட்டையும் ஜெர்மன் வாக்கியத்தையும் காரணத்தையும் ஒரு வரியில் சேர்த்து எழுதி மூடுங்கள். அடுத்த முறை அதே பெட்டி இன்னொரு இயந்திரத்தில் வரும்போது, இரவு ஷிஃப்டில் இருக்கும் புதிய ஊழியர் அந்தக் குறியீட்டைத் தேடினால் உங்கள் வரி அவருக்குக் கிடைக்கும்.